சுழல், வதந்தி, அயலி: பெயர்ப் பலகையை மறைத்துவிட்டுப் பார்த்தால்

வார இறுதியில் எட்டு மணி நேரம் ஒதுக்கி ஒரு தமிழ் வெப் சீரிஸ் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போது, அடுத்த கேள்வி பெரும்பாலும் "யார் நடிச்சது?" என்பதாகத்தான் இருக்கிறது. சினிமாவுக்கு அந்தக் கேள்வி ஓரளவு செல்லும். இரண்டரை மணி நேரத்தில் ஒரு நட்சத்திரத்தின் அறிமுகக் காட்சி, இடைவேளை, க்ளைமாக்ஸ் மூன்றும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். சீரிஸில் அது நடக்காது. ஒரு பெயர் நம்மை முதல் எபிசோடில் உட்கார வைக்கும். நான்காவது எபிசோடை முடித்துவிட்டு ஐந்தாவதைத் தானாகத் தட்டுகிறோமா என்பதை எழுத்துதான் தீர்மானிக்கிறது.

அதனால் மூன்று தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2022 ஜூனில் வந்த 'சுழல்' முதல் சீசன், அதே வருடம் டிசம்பரில் வந்த 'வதந்தி', 2023 ஜனவரியில் வந்த 'அயலி'. மூன்றுமே எட்டு எபிசோடுகள். முதல் இரண்டும் அமேசான் ப்ரைமில், புஷ்கர் - காயத்ரியின் தயாரிப்பில் வந்தவை. இரண்டிலும் ஒரு சின்ன ஊர், ஒரு இளம்பெண், அவளுக்கு என்ன ஆனது என்று தேடுகிற போலீஸ்காரர். 'அயலி' ஜீ5-இல் வந்தது. போஸ்டரைப் பார்த்து டிக்கெட் எடுக்க வைக்கிற முகம் அதில் ஒன்றுகூட இல்லை. கொலையாளி யார் என்பதை எங்கும் சொல்லப் போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் 'வதந்தி'தான் முதலில் வரும். எஸ்.ஜே. சூர்யாவின் முதல் வெப் சீரிஸ் என்றுதான் அது பேசப்பட்டது. ஆனால் ஆண்ட்ரூ லூயிஸ் எழுதியிருக்கும் விதத்தில் சூர்யாவின் வேலை பெரும்பாலும் கேட்பதுதான். வெலோனி என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் உடல் ஒரு படப்பிடிப்பு நடந்த இடத்தில் கிடைக்கிறது. இறந்தது ஒரு நடிகை என்று முதலில் செய்தி பரவுகிறது. அதன் பிறகு எஸ்.ஐ. விவேக்காக வரும் சூர்யா சந்திக்கும் ஒவ்வொருவரும் ஒரு வெலோனியைச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் அவள் வெகுளி, இன்னொருவர் சொல்வதில் ஆண்களை ஆட்டி வைப்பவள். புதுமுகம் சஞ்சனா ஒரே பெண்ணாக இருந்துகொண்டே, சொல்கிறவரின் பார்வைக்கு ஏற்ப வேறு வேறு ஆளாக மாற வேண்டும். சிரிப்பை ஒரு நூல் கூட்டியும் குறைத்தும் அதைச் செய்கிறார். தொடரின் மிகக் கடினமான நடிப்பு அவருடையதுதான். சூர்யாவும் தன் வழக்கமான ஏற்ற இறக்கக் குரலை அடக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார். வழக்கு அவரைத் தின்னத் தின்ன, மனைவியாக வரும் ஸ்ம்ருதி வெங்கட்டோடு அவர் வீட்டில் பேசும் பேச்சு சுருங்கிக்கொண்டே போவதையும் கவனியுங்கள்.

இவ்வளவு நல்ல அமைப்பு நடுவில் தளர்வதற்குக் காரணம் இருக்கிறது. துப்பறியும் கதையில் தப்பான துப்பு வரத்தான் செய்யும். அது பொய் என்று தெரிந்த பிறகு கதையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதில்தான் எழுத்தின் தரம் தெரியும். 'வதந்தி'யில் சில சந்தேக நபர்கள் தங்கள் பங்குக் கதையைச் சொல்லிவிட்டு வெளியே போனதும் அவர்களால் யாருடைய வாழ்க்கையும் மாறுவதில்லை. நாற்பது நிமிடம் நம்மைத் திசைதிருப்பியதோடு அவர்கள் வேலை முடிந்தது. இரண்டு எபிசோடைக் குறைத்திருந்தால் இதே கதை இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

'சுழல்' இதே இடத்தில் ஜெயிக்கிறது. சாம்பலூர் சிமெண்ட் ஆலையில் வேலைநிறுத்தம் நடக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். போராடியவர்களை அடித்து விரட்டுகிற இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரீயா ரெட்டி. அன்றிரவு ஆலை தீப்பிடிக்கிறது, சண்முகத்தின் சின்ன மகள் நிலாவும் காணாமல் போகிறாள். சந்தேகம் போகப் போக ரெஜினாவின் சொந்த மகன் பக்கமும் திரும்புகிறது. அந்த ஒரு முடிச்சில் இரண்டு எதிரிகளும் ஒரே மாதிரி பதறுகிற பெற்றோர் ஆகிவிடுகிறார்கள். இதில் கிளம்பும் சந்தேகம் பிறகு பொய்யானாலும், அதை நம்பியதால் ஒருவர் செய்துவிட்ட காரியம் அப்படியே நிற்கிறது; அதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அதனால் எந்த எபிசோடும் வீண் என்று தோன்றவில்லை.

மயானக் கொள்ளைத் திருவிழாவைச் சேர்த்த விதமும் அப்படித்தான். அங்காளம்மன் கோயில்களில் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் இந்த விழாவை ஊர் அழகைக் காட்டும் பாட்டுக்காக மட்டும் பயன்படுத்தியிருக்கலாம். இங்கே விழாவின் நாட்கள்தான் கதையின் நாட்காட்டி. அம்மன் வேடம், முகப் பூச்சு, கூட்டம், சாமியாட்டம் எல்லாமே யார் எங்கே மறைந்திருக்கலாம் என்ற கேள்வியோடு ஒட்டிக்கொள்கின்றன. ஊரே சாமியாடும்போது கடவுளை நம்பாத சண்முகம் மட்டும் தனியாக நிற்கிறார். வார்த்தை விளையாட்டுக்குப் பெயர்போன பார்த்திபன் இங்கே குறைவாகப் பேசுகிறார். ஸ்ரீயா ரெட்டிக்கு இதைவிடக் கடினமான வேலை: போலீஸ் உடுப்பின் விறைப்பு குறையாமல், உள்ளே தாய் உடைவதைக் காட்ட வேண்டும். கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் கதைக்குள் அடங்கி நடித்திருக்கிறார்கள். குறை என்றால், கடைசி இரண்டு எபிசோடுகளில் விளக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுகின்றன. முன்பு பொறுமையாக விதைத்த கை அறுவடையில் அவசரப்பட்டுவிட்டது.

சரி, 'அயலி'க்கு வருவோம். முத்துக்குமார் இயக்கியது. புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற கிராமம், காலம் 1990. பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் முடிந்தது, அடுத்தது கல்யாணம். மீறினால் அயலி அம்மன் கோபிப்பாள் என்பது ஊர் நம்பிக்கை. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை மறைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் எழுத்தாகப் பார்த்தால் மூன்றிலும் இறுக்கமான முடிச்சு இதுதான். ஒவ்வொரு மாதமும் அந்த ரகசியம் மறுபடி ஆபத்தாகிறது, துணி துவைப்பதும் கோயிலுக்குப் போவதும்கூட பதற்றமாகிவிடுகின்றன. தனியாக ஒரு வில்லனோ துரத்தலோ தேவைப்படவில்லை. எபிசோடுகளும் அரை மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடுகின்றன.

அபி நட்சத்திராவின் துறுதுறுப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது. நான் நின்று பார்ப்பது அம்மா குருவம்மாளாக வரும் அனுமோளை. அவளும் முதலில் ஊர் வழக்கத்தை நம்புகிற பெண்தான். மகளின் ரகசியம் தெரிந்ததும் கையும் வாயும் நடுங்குகிற பயம் வருகிறது, அப்புறம் கோபம், அதற்கும் பிறகு மெல்ல மெல்ல மகளோடு சேர்ந்து ஒளிக்கிற துணிச்சல். இந்த மாற்றத்துக்கு எழுத்து நேரம் கொடுத்திருக்கிறது, நடிகை அந்த நேரத்தை ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. கடைசிப் பகுதியில் பாத்திரங்கள் நேரடியாகக் கருத்துப் பேச ஆரம்பிப்பதுதான் உறுத்துகிறது. குருவம்மாளின் முகமே சொல்லிவிட்டதை வசனம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

என் கணக்கில் திரைக்கதைக்குச் 'சுழல்' முதலிடம். தனி நடிப்பு என்று எடுத்தால் அனுமோளுக்கும் சஞ்சனாவுக்கும் நடுவில் என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. எட்டு மணி நேரம் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் இருக்கிறது என்றால் 'அயலி'. 'வதந்தி'யைப் பார்த்து முடித்தவர்கள், முதல் எபிசோடை மட்டும் மறுபடி போட்டு, வெலோனியைப் பற்றிப் பேசுகிறவர்களின் கண்களைக் கவனியுங்கள். முதல் தடவை சாட்சி சொல்வதாகத் தெரிந்தது, இரண்டாம் தடவை வேறு மாதிரித் தெரியும்.