காசோலையின் கடைசி நாள்: 90 நாள் கணக்கா, மாதக் கணக்கா?

இந்தியாவில் காசோலைக்கு ஆயுள் 3 மாதம். 6 மாதமாக இருந்ததை ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் குறைத்தது. செக்கில் எழுதியுள்ள தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். அது நம் கைக்கு வந்த நாள் கணக்கில் சேராது. இதில் யாருக்கும் குழப்பமில்லை. அந்த 3 மாதம் எந்த நாளில் முடிகிறது என்பதில்தான் கடைக்காரரும் கணக்காளரும் வேறுபடுகிறார்கள்.

பலரும் தேதியோடு 90 நாளைக் கூட்டிவிடுகிறார்கள். மனக்கணக்குக்கு வசதிதான். ஆண்டின் பெரும்பகுதியில் இதனால் நட்டமும் இல்லை. ஜூன் 15 தேதியிட்ட செக்குக்கு 90 நாள் செப்டம்பர் 13-இல் முடியும், உண்மையான கெடு செப்டம்பர் 15. இரண்டு நாள் முந்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆனால் பிப்ரவரியில் கணக்கு தலைகீழாகிறது. 2026 பிப்ரவரி 10 தேதியிட்ட செக்கின் கெடு மே 10. இடையில் இருப்பது 89 நாள்தான். 90 நாள் எண்ணுபவர் மே 11 அன்று வங்கிக்குப் போவார், செக் காலாவதி என்று திரும்பும். லீப் ஆண்டு தவிர மற்ற ஆண்டுகளில் பிப்ரவரித் தேதிகள் எல்லாவற்றுக்கும், ஜனவரி 31-க்கும் இந்த ஆபத்து உண்டு.

நான் ஆதரிப்பது மாதக் கணக்கைத்தான். சட்டத்தில் மாதம் என்றால் நாட்காட்டி மாதம். எழுதிய தேதியின் எண் மூன்றாவது மாதத்தில் எங்கே வருகிறதோ அதுதான் கடைசி நாள். அந்த எண் அம்மாதத்தில் இல்லையென்றால் மாதத்தின் இறுதி நாள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குறித்த தவணையில் பணம் தரச் சொல்லும் உண்டியல் சீட்டுகளுக்குச் சொல்வதும் இதே முறைதான். ஜனவரி 31 செக் ஏப்ரல் 30 வரை. எதிர்த்திசையில் இது நீளாது: பிப்ரவரி 28 செக் மே 28-இல் முடியும், மே 31 வரை போகாது.

எக்செல்லில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. அவற்றில் ஒன்று ஏமாற்றும்.

```
=EDATE(A2,3)
=DATE(YEAR(A2),MONTH(A2)+3,DAY(A2))
```

A2-இல் 2025 நவம்பர் 30 இருந்தால் முதலாவது 2026 பிப்ரவரி 28 என்று சரியாகச் சொல்லும். இரண்டாவது இல்லாத பிப்ரவரி 30-ஐத் தேடி மார்ச் 2-க்குத் தாவிவிடும். இப்படி மாத இறுதியில் வரும் சில தேதிகள் தவிர மற்றவற்றில் இரண்டும் ஒரே விடை தருவதால் இந்தப் பிழை பல மாதங்களுக்குக் கண்ணில் படாது. EDATE விடை 46081 என்பது போல வெறும் எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கட்டத்தின் வடிவத்தைத் தேதிக்கு மாற்றினால் போதும்.

இதே நவம்பர் 30 செக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2026 பிப்ரவரி 28 நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. விடுமுறை என்பதால் கெடு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும் என்று நம்பி உட்காரக் கூடாது. அதற்கு முந்தைய வேலைநாளான பிப்ரவரி 27, வெள்ளியையே கடைசியாகக் கொள்ள வேண்டும். எழுதிய நாளையே முதல் நாளாக எண்ணி ஒருநாள் முன்பே முடிப்பவர்களும் உண்டு. 1999-இல் சாகேத் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடக்க நாளை விட்டுவிட்டுத்தான் மாதத்தை எண்ணியது. ஆனால் அது செக் திரும்பியதற்காக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யும் கெடு பற்றியது. அதை வைத்து வங்கிக் கவுண்டரில் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஒருநாள் விட்டுக்கொடுப்பதே நல்லது:

```
=WORKDAY.INTL(EDATE(A2,3),-1,11,H2:H60)
```

இது கெடு நாளுக்கு முந்தைய வேலைநாளைத் தரும். 11 என்பது ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்பதற்கு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளையும் பண்டிகை விடுமுறைகளையும் H பத்தியில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த ஒருநாளில் இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், பணமில்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுக்காக. செல்லுபடிக் காலத்துக்குள் செக்கைச் செலுத்தியிருந்தால்தான் அந்தக் குற்ற வழக்குக்கு வழி உண்டு. அதிலும் நம் வங்கியில் போட்டது போதாது. செக் கொடுத்தவருடைய வங்கியைக் கெடுவுக்குள் அது சென்றடைய வேண்டும் என்று இஷார் அலாய் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடைசி நாள் மாலையில் பெட்டிக்குள் போட்ட செக் மறுநாள்தான் ஸ்கேன் ஆகும் என்றால், கணக்கு சரியாக இருந்தும் பயனில்லை. காலாவதியாகித் திரும்பினாலும் கடன் அழிந்துவிடாது, உரிமையியல் வழக்கு தொடரலாம். ஆனால் புதிய செக் தர மறுப்பவரிடம் 138 என்ற பிடி நம் கையை விட்டுப் போயிருக்கும்.