மழைக்காலத்தில் சாய்ந்த அடுக்கு: பேலட்டுகளோடு ஆறு ஆண்டுகள்

ஒரகடம் பகுதியில் உள்ள ஒரு கிடங்கில் ஆறு ஆண்டுகளாக நான் சரக்கு அடுக்குதலையும் லாரி ஏற்றுதலையும் மேற்பார்வை செய்து வருகிறேன். பெட்டிகளை அடுக்கி ஒன்றாகத் தூக்கிச் செல்ல உதவும் அடித்தட்டுதான் பேலட்; இக்காலத்தில் மரப் பேலட், பிளாஸ்டிக் பேலட் இரண்டையும் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கிறோம். இரண்டும் நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் 1200 க்கு 1000 மில்லிமீட்டர் அளவு.

வேலையில் சேர்ந்தபோது எங்கள் லோடுமேன்கள் அட்டைப் பெட்டிகளைச் செங்கல் கட்டு முறையில்தான் அடுக்கினார்கள். அதாவது, ஒரு வரிசையின் இணைப்பின் மேல் அடுத்த வரிசையின் பெட்டி அமரும்படி திசையை மாற்றி மாற்றி வைப்பார்கள். அடுக்கைக் கையால் தள்ளிப் பார்த்தால் அசையாது என்பதால் எனக்கும் அது சரியாகவே தோன்றியது. மே மாதம் முழுவதும் நிமிர்ந்து நின்ற அதே அடுக்குகள், நவம்பரில் மழை பிடித்த இரண்டாவது வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. ஓர் அடுக்கு நடைபாதையில் சரிந்தபோது அங்கே யாரும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

சரிந்த அடுக்கைப் பிரித்தபோது, மேல் பெட்டிகள் புதிதுபோல் இருந்தன. அடிவரிசைப் பெட்டிகளோ பக்கவாட்டில் வயிறு தள்ளி, மூலை மடிப்புகள் நசுங்கிக் கிடந்தன. நெளிவு அட்டைப் பெட்டி தன் சுமையின் பெரும்பகுதியை நான்கு மூலைகளின் வழியாகவே தாங்குகிறது. மூலைக்கு மேல் மூலை நேராக அமரும்போது சுமை மூலைத் தூண் வழியாகக் கீழே இறங்கும். செங்கல் கட்டில் மேல் பெட்டியின் மூலை, கீழ்ப் பெட்டியின் வலுவில்லாத நடுப்பகுதியில் உட்காருகிறது. இதனால் பெட்டியின் தாங்குதிறனில் ஏறத்தாழ பாதி போய்விடும். கல்லுக்குச் சரியான கட்டு அட்டைக்குப் பொருந்தாது.

எங்கள் சரக்கையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பெட்டியின் அளவு 400 க்கு 300 மில்லிமீட்டர், எடை 12 கிலோ. பேலட்டின் 1200 பக்கத்தை ஒட்டி நான்கு பெட்டிகளைக் குறுக்காகவும், மீதமுள்ள 600 மில்லிமீட்டர் ஆழத்தில் ஆறு பெட்டிகளை நெடுக்காகவும் வைத்தால், ஓரம் துருத்தாமல் ஒரு வரிசைக்குப் பத்துப் பெட்டிகள் கச்சிதமாக அமரும். ஆறு வரிசைக்கு 60 பெட்டிகள், 720 கிலோ. அடிப்பெட்டி ஒவ்வொன்றின் தலையிலும் ஐந்து பெட்டிகள், அதாவது 60 கிலோ இருக்கும். பெட்டி கொடுத்தவரின் சோதனை அறிக்கையில் அழுத்தத் தாங்குதிறன் சுமார் 300 கிலோ என்று இருந்ததால், ஐந்து மடங்கு பாதுகாப்பு இருப்பதாக நினைத்துவிட்டோம்.

ஆனால் அந்த 300 என்பது உலர்ந்த ஆய்வகத்தில் சில நிமிடங்களில் அளந்த எண். ஒரு மாதம் சுமையோடு நின்றாலே அது ஏறத்தாழ 60 விழுக்காடாகக் குறைந்து 180 ஆகும். செங்கல் கட்டு அதைப் பாதியாக்கி 90 ஆக்கும். கோடையில் அடுக்கு நின்றதற்கு இந்த 90 தான் காரணம். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் மழைக்காலத்தில் மேலும் ஒரு 60 விழுக்காட்டால் பெருக்க வேண்டும், கிடைப்பது 54. சுமையோ 60. அடுக்கு சரிந்ததில் வியப்பு எதுவும் இல்லை. மூலைக்கு மேல் மூலையாக அடுக்கும் நேர்த்தூண் முறையில் அதே மழைக்காலத்துக் கணக்கு 108 என வருகிறது. இவை தோராயப் பெருக்கங்கள்தாம் என்றாலும், அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் என்னை ஏமாற்றவில்லை.

இதே கணக்கு இன்னொரு கேள்விக்கும் விடை தந்தது. ஒரு பேலட்டின் மேல் இன்னொரு பேலட்டை ஏற்றினால், அடிப்பெட்டியின் மேல் 11 பெட்டிகளும் பேலட் எடையின் பங்கும் சேர்ந்து சுமார் 134 கிலோ விழுகிறது. கோடையில் 180 தாங்கும், மழையில் 108 தாங்காது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் கிடங்கில் இரட்டை அடுக்கு கிடையாது, ரேக்கில்தான் வைக்கிறோம்.

நேர்த்தூண் அடுக்கின் குறை, தூண்கள் தனித்தனியாக நிற்பதுதான். ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது ஓரத் தூண் விலகும். கீழ் ஐந்து வரிசைகளை நேராக வைத்து, அதிகச் சுமை இல்லாத மேல் வரிசையை மட்டும் 180 பாகை திருப்பி வைத்தோம். பிறகு ஸ்டிரெட்ச் ஃபிலிமின் முதல் மூன்று சுற்றுகள் பெட்டியோடு பேலட்டையும் சேர்த்துப் பிடிக்குமாறு சுற்றினோம். இந்த மூன்று சுற்றுகளை விட்டுவிட்டால், மேலே எவ்வளவு ஃபிலிம் சுற்றினாலும் மொத்த அடுக்கும் ஒரே கட்டாகப் பேலட்டை விட்டு வழுக்கி இறங்கும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றையும் வாங்கிவைத்திருக்கிறேன். மேல் மூலையிலிருந்து அதைத் தொங்கவிட்டு, அடியில் நூலுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி நேற்றைவிடக் கூடியிருந்தால் அந்த அடுக்கை அன்றே பிரித்துவிடுவோம்.

பேலட்டைப் பொறுத்தவரை என் மனம் இன்னும் மரத்தின் பக்கமே சாய்கிறது. ஆணி தலைதூக்குவதும், ஃபோர்க்லிஃப்ட்டின் கரங்கள் இடித்து ஓரப்பலகை பிளப்பதும் அதன் நோய்கள். ஆனால் அவை கண்ணுக்குத் தெரியும், பலகையை மாற்றிவிடலாம். பலகை இடைவெளி மட்டும் அகலமாக இருக்கக் கூடாது. பெட்டியின் மூலை அந்த இடைவெளியில் விழுந்தால் நேர்த்தூணின் பயன் அங்கேயே குறைந்துவிடும். ஏற்றுமதிக்கு மரம் என்றால் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய முத்திரை வேண்டும்; பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிளாஸ்டிக் பேலட் எங்களை ஏமாற்றியது ரேக்கில்தான். அதன் மேல் மூன்று சுமை எண்கள் இருக்கும்: தரையில் நிற்கும்போது, தூக்கிச் செல்லும்போது, ரேக்கில் இரு விட்டங்களின் மேல் இருக்கும்போது. முதல் எண் எப்போதும் மிகப் பெரியது, மூன்றாவதுதான் சிறியது. நாங்கள் முதல் எண்ணைப் பார்த்து வாங்கினோம். மேல்தட்டில், தகரக் கூரையின் வெப்பத்தில் இரண்டு மாதம் இருந்தவை நடுவில் ஒரு விரல்கடை தொய்ந்திருந்தன. இப்போது ரேக்குக்கு எஃகுக் குழாய் பதித்த பேலட்டை மட்டுமே அனுமதிக்கிறோம்.

லாரியிலும் கன்டெய்னரிலும் பிரச்சினை வேறு. 20 அடி கன்டெய்னரின் உள் அகலம் ஏறத்தாழ 2.35 மீட்டர், நீளம் 5.9 மீட்டர். ஒரு வரிசையைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் நேராக ஏற்றினால் ஐந்தும் நான்குமாக ஒன்பது பேலட்டுகள் மட்டுமே போகும். நான்கு பேலட்டுகளைக் காற்றாடி இறக்கைபோல் சுழற்றி வைத்தால் 2.2 மீட்டர் சதுரம் கிடைக்கும். அப்படி இரண்டு சதுரங்களும் கடைசியில் இரண்டு பேலட்டுகளும் சேர்த்துப் பத்து ஏறுகின்றன. ஆனால் பக்கத்தில் 15 சென்டிமீட்டரும் கதவோரம் 30 சென்டிமீட்டரும் காலியாக இருக்கும். ஐரோப்பியத் தரநிலை, பிரேக் பிடிக்கும்போது எடையில் 80 விழுக்காடு அளவுக்கு விசை முன்னோக்கியும், வளைவில் 50 விழுக்காடு பக்கவாட்டிலும் வரும் என்று கொள்கிறது. 720 கிலோ பேலட்டை 360 கிலோ விசை பக்கவாட்டில் தள்ளும்போது, 15 சென்டிமீட்டர் காலி இடம் என்பது அது ஓடிவந்து மோதுவதற்கான தூரம். அதனால் முதல் சதுரத்தை முன்சுவரை ஒட்டி வைத்து, பக்க இடைவெளியில் காற்றுப்பையும் கதவோரத்தில் மரக்கட்டையும் அடைக்கிறோம். திறந்த லாரியில் பெல்ட் இறுக்கும்போது மூலைக்கு அட்டைக் கோணம் வைக்காவிட்டால், நேர்த்தூணில் நாங்கள் காப்பாற்றிய அதே மூலைகளைப் பெல்ட் நசுக்கிவிடும். கோணம் தீர்ந்துவிட்டால் லோடு அன்று கிளம்பாது. ஓட்டுநர்கள் இதற்காக என்னோடு இன்னும் சண்டை போடுகிறார்கள்.