கல்லணைத் தண்ணீர் 900 எம்.பி., திண்ணைப் பேச்சு 135 எம்.பி.

கல்லணையில் தண்ணீர் திறந்த அன்று மதகுப் பக்கம் நின்று பத்து நிமிடம் வீடியோ எடுத்தேன். அதே வாரம் திருவையாற்றில், திண்ணையில் உட்கார்ந்து குறுவை நடவைப் பற்றிப் பேசிய அப்பாயியையும் பத்து நிமிடம் எடுத்தேன். ஒரே செல்போன், 1080p, நொடிக்கு 30 ஃப்ரேம். இரண்டும் சுமார் 1275 எம்.பி. வந்தன. எதை எடுத்தாலும் என் போன் நொடிக்கு 17 மெகாபிட் அளவில் எழுதித் தள்ளுகிறது. 17-ஐ 600 நொடியால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் அந்த 1275 வந்துவிடும்.

சிங்கப்பூர் மாமாவுக்கு அனுப்ப இரண்டையும் கணினியில் ffmpeg என்ற நிரலால் சுருக்க வேண்டியிருந்தது. வழி இரண்டு: பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை, நாமே கட்டிவிடுவது, அல்லது தரத்தை crf எண்ணாகச் சொல்லிவிட்டு பிட்ரேட்டை வீடியோவைச் சுருக்கும் என்கோடரின் பொறுப்பில் விடுவது.

```
ffmpeg -i a.mp4 -c:v libx264 -b:v 4M b.mp4
ffmpeg -i a.mp4 -c:v libx264 -crf 23 c.mp4
```

முதல் வழியில் இரண்டும் 300 எம்.பி. பக்கம் நின்றன. ஆனால் தண்ணீர் கட்டம் கட்டமாக உடைந்தது. நுரை பஞ்சுப்பொதி போலக் குழைந்தது. அப்பாயிக்கோ அந்த 4 மெகாபிட்டே அதிகம்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதில் திண்ணை 135 எம்.பி., தண்ணீர் 900 எம்.பி. முதலில் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். காரணம் அசைவு. என்கோடர் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாக எழுதுவதில்லை. முந்தைய ஃப்ரேமிலிருந்து எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது என்பதையும், அதற்கு மேல் மிஞ்சும் வித்தியாசத்தையும் மட்டுமே எழுதுகிறது. திண்ணையில் சுவரும் தூணும் அப்படியே நிற்கின்றன, வாயும் கையும்தான் மாறுகின்றன. மதகுத் தண்ணீரில் எந்தத் துளியும் போன ஃப்ரேமில் இருந்த வடிவில் இல்லை. "அதே துண்டு, கொஞ்சம் தள்ளி" என்று சொல்லவே முடியாததால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. கை நடுக்கமும் சாயங்கால இருட்டில் வரும் புள்ளிகளும் இதே வேலையைச் செய்யும். அப்பாயியை ஸ்டாண்டில் வைத்து எடுத்தது நல்லதாகப் போயிற்று.

ரெசல்யூஷனும் கணக்கில் உண்டு. 720p-க்கு இறக்கினால் பிக்சல்கள் 2.25 மடங்கு குறையும். ஆனால் கோப்பு அதே விகிதத்தில் குறையும் என்று எண்ண வேண்டாம்; எனக்குத் தண்ணீர் வீடியோ 900-லிருந்து 430 எம்.பி. ஆனது.

இரண்டாவது வழியில் ஒரு தொல்லை: முடியும்வரை அளவு தெரியாது. இத்தனை எம்.பி.க்குள் இருந்தே ஆக வேண்டும் என்றால் முதல் வழிதான். அப்போதும் தண்ணீர் மாதிரிக் காட்சி என்றால் முதலில் 720p-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். அதே 4 மெகாபிட்டில் கட்டங்கள் வெகுவாகக் குறைந்தன. செல்போன் செயலிகளில் இதை நான் செய்து பார்த்ததில்லை, எல்லாம் கணினியில்தான்.

மாமாவுக்கு 720p-ஐத்தான் அனுப்பினேன். போனில் பார்த்தவர் தரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எத்தனை மதகு திறந்தார்கள் என்றுதான் கேட்டார்.