பரியாரியாரின் போத்தலும் காலைக் குளிசையும்

அன்புள்ள மாமி,

இன்றிரவு எனக்கு வார்ட்டில் வேலை. வேலியடியில் நின்று சொல்ல நினைத்ததை அதனால்தான் எழுதித் தருகிறேன். நேற்று உங்கள் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிரஷர் 168/92. போன மாதம் கிளினிக் கொப்பியில் 134/80 என்று இருக்கிறது. இரவில் கெண்டைக்கால் குரக்கை பிடிக்கிறது என்றும் சொன்னீர்கள். குளிசைகளில் ஒன்றும் மாறவில்லை. மாறியது, மூன்று கிழமையாக யன்னலடியில் இருக்கிற அந்தக் கசாயப் போத்தல்தான்.

ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சீனி போடாமலே தொண்டை வரைக்கும் இனிப்பு. அதிமதுரம். பரியாரியார் எழுதித் தந்த துண்டிலும் முதல் பெயர் அதுதான்.

அந்த இனிப்பைத் தருகிற பொருள் சிறுநீரகத்தில் வேலை செய்கிறது. அதனால் உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு, பொற்றாசியத்தைச் சலத்தோடு வெளியே விடுகிறது. நீங்கள் காலையில் போடுகிற புரூசமைட்டும் பொற்றாசியத்தைக் கழிக்கிற குளிசைதான். இரண்டு பக்கத்தாலும் அது குறையும்போது நீங்கள் இதயத்துக்குப் போடுகிற டிகொக்சின் ஆபத்தாகிறது. இதயத்தில் டிகொக்சினும் பொற்றாசியமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. பொற்றாசியம் குறைந்தால் அதே சின்னக் குளிசை, அளவு கூடாமலே, அளவு கூடினது போலப் பிடிக்கும்.

"இரண்டு மணித்தியாலம் விட்டுக் குடித்தால் சரிதானே" என்று கேட்டீர்கள். சில மருந்துகளுக்கு இடைவெளி விடுவது சரி. தைரொயிட் குளிசையையும் கல்சியத்தையும் சேர்த்துப் போட்டால் கல்சியம் குடலிலேயே தைரொயிட் மருந்தைத் தடுக்கும், நாலு மணித்தியாலம் இடைவெளி விட்டால் தீரும். இங்கே மோதல் வயிற்றில் இல்லை. கசாயத்தை இரவிலும் குளிசையைக் காலையிலும் எடுத்தாலும் சிறுநீரகம் நாள் முழுக்கப் பொற்றாசியத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

அளவைப் பாதியாக்குவது அடுத்த யோசனை. வேருக்கு வேர் அந்தப் பொருளின் அளவு மாறும், காய்ச்சி வற்றுகிற அளவைப் பொறுத்தும் மாறும். இந்தப் போத்தலில் அரை அவுன்ஸ் குடித்தால் உள்ளே எவ்வளவு போகிறது என்று பரியாரியாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. டிகொக்சின் போடுகிறவருக்கு அப்படி ஒரு கணக்கு வேண்டாம்.

இளநீர் குடித்து ஈடு செய்யலாம் என்று மாமா சொன்னாராம். இளநீரில் பொற்றாசியம் இருப்பது உண்மை. ஆனால் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. வயது போன சிறுநீரகத்தில் சிலவேளை அது மறுபக்கம் கூடியும் போகும்.

குளிசையை விட்டுக் கசாயத்தை மட்டும் குடிக்கிற எண்ணம் வரவே வேண்டாம்.

என் முடிவு: கசாயத்தை இன்றிரவே நிறுத்துங்கோ. மற்ற எல்லாக் குளிசையும் கிளினிக்கில் சொன்னபடியே. நிறுத்தின உடனே எல்லாம் சரியாகிவிடாது. அதிமதுரத்தின் வேலை உடம்பில் ஒன்றிரண்டு கிழமை வரைக்கும் நிற்கும். ஆகவே நாளைக்கு ஒருமுறை பொற்றாசியம் பார்க்க வேண்டும், இரண்டு கிழமையில் இன்னொருமுறை. 3.5க்குக் கீழே இருந்தால் என்ன செய்வது என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், நீங்கள் அந்தக் கசாயத்தைத் தொடங்கினதே படுத்தால் கூடுகிற இருமலுக்காக. மாமி, அந்த இருமல் சளியாக இல்லாமல் நுரையீரலில் தண்ணீர் தேங்குவதாலும் இருக்கலாம். அப்படியென்றால், தண்ணீரைப் பிடித்து வைக்கிற மருந்தை இருமலுக்குக் குடித்திருக்கிறீர்கள். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்பதையும் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கோ.

பரியாரியார் மேல் பிழை இல்லை. அவரிடம் நீங்கள் இதயக் குளிசையைப் பற்றிச் சொல்லவில்லை, கிளினிக்கில் கசாயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தொண்டைக்கு இதமாக ஏதும் வேண்டுமென்றால், மல்லியும் ஒரு சின்னத் துண்டு வேர்க்கொம்பும் போட்டு அவித்து ஒரு கோப்பை குடியுங்கோ. அந்த ஒரு கோப்பை உங்கள் குளிசைகளோடு இடைஞ்சல் செய்யாது. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இதையும் அதில் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

இரவில் சத்தி வந்தாலோ, சாப்பாட்டைக் கண்டாலே வெறுத்தாலோ, லைற்றைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தாலோ, நெஞ்சு தவறித் தவறி அடித்தாலோ, மூச்சு முட்டினாலோ, விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லி மாமாவை எழுப்புங்கோ.

நான் ஏழரைக்கு வேலை முடிந்து வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கிளினிக் கொப்பி, குளிசைப் பெட்டி, அந்தப் போத்தல், பரியாரியாரின் துண்டு, இந்த நாலையும் ஒரு பையில் போட்டு வையுங்கோ. போத்தலைக் கழுவ வேண்டாம், டொக்டருக்குக் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு மகள்