ஒரு பீம் ஸ்லைடும் ஆறு செமஸ்டரும்

மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் மாணவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' எடுக்கிறேன். என் ஸ்லைடுகளை மாற்றி எழுதி ஆறு செமஸ்டர் ஆகிறது. எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன் என்று ஒரே ஒரு ஸ்லைடை வைத்துச் சொல்கிறேன். புதிதாக வகுப்புக்குப் போகிறவர்களுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

கணக்கு எளிது. இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட 6 மீட்டர் பீம். இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 30 kN சுமை. இதற்கு ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் படங்கள் வரைய வேண்டும்.

என் பழைய ஸ்லைடு இப்படி இருந்தது. மேலே 'ஷியர் ஃபோர்ஸ் மற்றும் பெண்டிங் மொமென்ட்' என்று தலைப்பு. இடது பாதியில் ஏழு வரிகள்: விளக்கம், குறி விதி, தாங்கு விசைக் கணக்கு, விடைகள். வலது பாதியில் ஒரு புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்த படம். அதில் A, B, C என்று எழுத்துகள். அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்பது படத்துக்குக் கீழே பொடி எழுத்தில். மூலையில் கல்லூரி லோகோ, அடியில் துறையின் பெயர், தேதி.

நான் ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். வரிகளை வாசித்துக்கொண்டே போவேன். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மேம், அந்த C எங்க இருக்கு?" என்றான். நான் காட்டுவதற்குள் பாதி வகுப்பு செல்போனைத் தூக்கி ஸ்லைடைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது புரியவில்லை. இங்கே உட்கார்ந்து புரிந்துகொள்ள முடியாது, விடுதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் அர்த்தம்.

அன்று மாலை அதே பெஞ்சில் போய் உட்கார்ந்து என் ஸ்லைடை நானே பார்த்தேன். "C-யில் மொமென்ட் 40 kN·m" என்ற ஒரு வரியைப் புரிந்துகொள்ள என் கண் என்னென்ன வேலை செய்கிறது என்று கவனித்தேன். C எங்கே என்று படத்தில் தேட வேண்டும். அது சுமை இருக்கும் புள்ளி என்பதைக் கீழே போய்ப் படிக்க வேண்டும். 20 என்ற எண்ணை நான்காவது வரியிலிருந்து எடுத்து மனதில் பிடித்துக்கொண்டு, 2 மீட்டரைப் படத்தில் தேட வேண்டும். பிறகுதான் பெருக்கல். இதற்கிடையில் முன்னால் ஒருத்தி அதே வரிகளை உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறாள். நான்தான்.

கற்கும்போது மனம் சுமக்க வேண்டிய வேலையை 'அறிவாற்றல் சுமை' என்பார்கள். கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் அதைப் பற்றி எழுதினார். படம் ஓரிடம், விளக்கம் வேறிடம் என்று இருந்தால் கற்பவரின் கவனம் பிளவுபடும் என்பதை அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் பின்னால் காட்டினார்கள். ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியது ஏறக்குறைய நான்கு துண்டுகள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். என் ஸ்லைடில் C, 20, 2 மீட்டர் ஆகிய மூன்றையும் பிடித்து வைப்பதிலேயே கை நிறைந்துவிடும். பீம் பற்றி யோசிக்க இடம் ஏது?

இப்போது அதே கணக்கு மூன்று ஸ்லைடுகளில் இருக்கிறது.

முதல் ஸ்லைடின் தலைப்பு ஒரு முழு வாக்கியம்: "சுமைக்கு அருகில் இருக்கும் தாங்கிதான் அதிகம் தாங்கும்." நடுவில் பீம் மட்டும். சுமை அம்புக்குறியின் மேலேயே 30 kN. இடது தாங்கியின் அடியில் 20 kN, வலதில் 10 kN. A, B, C எதுவும் இல்லை. எண்களைக் காட்டுவதற்கு முன்னால், "எந்தப் பக்கம் அதிகம்?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் விடுவேன்.

இரண்டாவதில் பீம் அதே இடத்தில் அப்படியே இருக்கும். அதன் நேர் கீழே ஷியர் படம். சுமையிலிருந்து ஒரு புள்ளிக்கோடு கீழே இறங்கும். கோட்டின் இடப்பக்கம் +20, வலப்பக்கம் −10. தலைப்பு: "சுமை இருக்கும் இடத்தில் ஷியர் 30 kN இறங்குகிறது."

மூன்றாவதில் இரண்டும் மேலே இருக்க, அடியில் மொமென்ட் படம் சேரும். ஷியர் படத்தின் இடது செவ்வகத்துக்கு மட்டும் நிறம். 20 × 2 = 40 என்று உச்சியின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். வலப்பக்கமிருந்து 10 × 4 போட்டாலும் 40 வருகிறதா என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். தலைப்பு: "ஷியர் பூஜ்ஜியத்தைத் தாண்டும் இடத்தில் மொமென்ட் உச்சம்."

லோகோ முதல் ஸ்லைடோடு சரி.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் செமஸ்டரில் மூன்று ஸ்லைடுகளையும் தனித்தனியாக வைத்திருந்தேன். அடுத்தது வந்தால் பீம் மறைந்துவிடும். மூன்றாவதுக்கு வந்ததும், "அந்த இருபது எங்கிருந்து வந்துச்சு மேம்?" என்று கேட்டார்கள். கண் அலைவதைத் தடுக்கப் போய் நினைவுக்கு வேலை கூட்டிவிட்டேன். அதனால்தான் இப்போது பழையது இடம் மாறாமல் நிற்கிறது, புதியது அடியில் சேர்கிறது.

அடுத்து அனிமேஷன். ஒரே ஸ்லைடில் பதினான்கு கிளிக் வைத்திருந்தேன். நடுவில் ஒரு சந்தேகம் வந்தால் திரும்பிப் போவதற்குள் வகுப்பு கலைந்துவிடும். பிடிஎஃப் ஆக மாற்றினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். இப்போது `Ctrl+D` அழுத்தி ஸ்லைடைப் பிரதி எடுத்து, அதில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்லைடுகளின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். கரும்பலகைக்கு நகரும்போது `B` அழுத்தித் திரையைக் கறுப்பாக்கிவிடுவேன். திரையும் பலகையும் ஒரே நேரத்தில் கண்ணை இழுக்கக் கூடாது.

மொழி விஷயம் தனி. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகள் நிறைய. திரையில் இருப்பதை அப்படியே வாசித்தால் இரட்டைச் சுமை என்று படித்துவிட்டு, ஒரு தடவை எழுத்தையே முழுக்க எடுத்துப் பார்த்தேன். தப்பாகிவிட்டது. நான் வேகமாகச் சொன்ன ஆங்கிலச் சொற்களை அவர்களால் பிடிக்க முடியவில்லை. நோட்டில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். இப்போது கலைச்சொல் மட்டும் படத்தின் மேலேயே ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் என் வாயில் தமிழில் வரும்.

எல்லாருக்கும் இது பிடித்ததா என்றால், இல்லை. பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்கள் இந்தப் படங்களை டிப்ளமோவிலேயே வரைந்தவர்கள். படிப்படியாகக் காட்டினால் சலித்துப்போகிறார்கள். தெரிந்ததையே மறுபடி விளக்கினால் அந்த விளக்கமே சுமையாகும். அவர்களுக்கு மூன்றாவது ஸ்லைடில் எண்களை அழித்துவிட்டு, சுமையை 4 மீட்டருக்கு நகர்த்திக் கொடுத்துவிடுகிறேன்.

துறையில் மூத்தவர் ஒருவர், "என்னம்மா, ஸ்லைடுல ஒண்ணுமே இல்லையே, பிள்ளைங்க பரீட்சைக்கு எதைப் படிப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்லைடை நோட்ஸாகவும் பயன்படுத்த நினைத்ததில்தான் அந்த ஏழு வரிகளே வந்தன. அவற்றை இரண்டு பக்கத் தாளாக எழுதி, வகுப்பு முடிந்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். முன்கூட்டியே போட்டால் வகுப்பில் எல்லாரும் குனிந்துவிடுகிறார்கள்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் `B` அழுத்திவிட்டு, வெற்றுத் தாளில் மூன்று படங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரையச் சொல்வேன். முன்பெல்லாம் மொமென்ட் உச்சியைப் பீமின் நடுவில், 3 மீட்டரில் வரைந்த தாள்கள்தான் அதிகம் வரும். இப்போதும் சில வருகின்றன. ஆனால் அவற்றில்கூடச் சுமையிலிருந்து அந்தப் புள்ளிக்கோட்டைக் கீழே இறக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்கள்.