டொமைன் யாருடைய கணக்கில்?

கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலைக்குத் தளம் தயார். டொமைனைத் தளம் செய்தவரின் கணக்கிலேயே விட்டு, தளத்தின் கடவுச்சொல்லை மட்டும் கொடுப்பதா, முதலாளி பெயரில் கணக்குத் திறந்து மாற்றிக் கொடுப்பதா?

முதல் வழி சுறுக்காக முடியும். ஆனால் புதுப்பிப்பு நினைவூட்டல் செய்தவரின் மின்னஞ்சலுக்கே போகும். அவர் வெளிநாடு போய்க் கவனிக்காமல் விட்டால் தளமும் அந்த டொமைனில் இயங்கும் மின்னஞ்சலும் சேர்ந்தே நின்றுவிடும். பதிவில் அவர் பெயர்தான் இருக்கும் என்பதால், ஆலைக்காரர் உரிமையை நிறுவப் பெரும்பாடு படவேண்டும்.

இரண்டாவதில் வேலை கூட, ஆனாலும் இதுதான் சரி. அதே பதிவு நிறுவனத்தில் முதலாளி கணக்குத் திறந்தால் மாற்றுவது எளிது. வேறு நிறுவனத்துக்கென்றால், .com பதிந்து 60 நாள் ஆகும்வரை பொதுவாக நகர்த்த முடியாது. கணக்கின் மீட்புத் தொலைபேசி இலக்கம் முதலாளியுடையதாக இருக்கட்டும், ஆலையில் நிற்கும் பொடியனுடையது வேண்டாம். தளம் வேர்ட்பிரஸில் என்றால், அதில் முதலாளிக்கு Administrator கணக்குக் கொடுத்து, Settings → General பக்கத்து மின்னஞ்சலையும் மாற்றுங்கள். புது முகவரிக்கு வரும் இணைப்பை அழுத்தும்வரை பழையதே நிற்கும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

வழிகாட்டி எப்படிக் கொடுத்தாலும் இரண்டு பக்கம் போதும்: விலை மாற்றுவது, படம் போடுவது, புதுப்பிக்கும் திகதி. கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள், அந்தத் தாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் கிடக்கும்.