கூடுவிட்டுக் கூடு பாயும் முகம்: செயலியா, நிரலா, கைவேலையா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் நாடகக் குழு இந்த முறை கூடுவிட்டுக் கூடு பாயும் கதை ஒன்றை எடுத்துக்கொண்டது. கணவன் உயிர் மனைவி உடலுக்கும், மனைவி உயிர் கணவன் உடலுக்கும் போய்விடுகிறது. சுவரொட்டி செய்யும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. நாயகனின் முகம் நாயகியின் தலையிலும், அவள் முகம் அவன் தலையிலும் இருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு இருவரையும் அடையாளம் தெரிய வேண்டும். ஆனால் முகமூடி ஒட்டியதுபோல் இருக்கக் கூடாது. அளவு ஏ3. அதாவது 300 டிபிஐ-யில் 3508க்கு 4961 பிக்சல். அதில் ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய 1100 பிக்சல் உயரம் வந்தது.

இருவரிடமும் சம்மதம் கேட்டு, ஒரே நாளில், ஒரே விளக்கு வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். நாயகிக்கு ஒப்பனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன். எடுத்த படங்களை மூன்று வழிகளில் மாற்றிப் பார்த்தேன்.

முதலில் கைபேசிச் செயலி. எது என்று சொல்லவில்லை, இந்த வகையில் நான் பார்த்தவை எல்லாம் ஒரே குணம்தான். ஆணைப் பெண்ணாக்கும் பொத்தானை அழுத்தினேன். புருவம் மெலிந்து மேலே போனது, தாடை ஒடுங்கியது, கன்னம் பூரித்தது, தோல் மெழுகானது. நாயகனின் அம்மா ஒத்திகைக்கு வந்திருந்தார்கள். திரையைப் பார்த்ததும், "இது என் நாத்தனார் மாதிரி இருக்கிறதே!" என்றார்கள். விமர்சனம் அதோடு முடிந்தது. செயலி இருவரின் முகத்தை மாற்றவில்லை. ஒருவரை எடுத்து அவருடைய கற்பனைத் தங்கையைச் செய்துதருகிறது. எவ்வளவு மாற்றலாம் என்று சொல்ல நமக்கு இடமும் இல்லை.

கணினியில் இயங்கும் இலவச முகமாற்ற மாதிரிகள் இதைவிட நேர்மையானவை, இரண்டு படங்களையும் உண்மையாகவே கலக்கின்றன. ஆனால் பலரும் பயன்படுத்தும் `inswapper_128` என்பதன் பெயரிலேயே அதன் எல்லை எழுதியிருக்கிறது: அது தரும் முகம் 128 பிக்சல் சதுரம். என் 1100 பிக்சல் முகத்துக்கு அதை எட்டு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். கூர்மைப்படுத்தும் நிரல் ஒன்றை அடுத்து ஓட்டினால் இமைமுடி எல்லாம் வருகிறது. வருவது அவருடைய இமைமுடி இல்லை. அதோடு இது கண், மூக்கு, வாயை மட்டும் மாற்றிவிட்டுத் தாடையின் எல்லைக்கோட்டை உடல் யாருடையதோ அவருடையதாகவே விட்டுவிடுகிறது. சமூக ஊடகத்தில் சிரித்துவிட்டுப் போகப் போதும். சுவரொட்டிக்குப் போதாது.

ஆக உண்மையான போட்டி நிரலுக்கும் கைவேலைக்கும்தான். அதற்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் சரிசெய்ய வேண்டியவை மூன்று: புருவமேடு, தாடை, கன்னக் கதுப்பு. மூன்றையும் ஒரே வகைப் பொருளாக நினைத்துத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நேராக எடுத்த படத்தில் தாடைக்கு ஒரு கோடு இருக்கிறது, அதை இழுக்கலாம், சுருக்கலாம். புருவமேட்டுக்குக் கோடே கிடையாது. ஆணின் புருவ எலும்பு முன்னே தள்ளியிருப்பதை நாம் அறிவது, மேலிருந்து வரும் வெளிச்சம் அந்த மேட்டின்மேல் பளிச்சிட்டு, கண்குழியில் நிழல் விடுவதால். பெண்ணுக்கு நெற்றி பெரும்பாலும் செங்குத்தாக இறங்குகிறது, புருவத்துக்கும் இமைக்கும் நடுவே வெளிச்சமான இடம் அதிகம். இழுத்து நீட்டும் எந்தக் கருவியாலும் நிழலை அகற்ற முடியாது. கன்னம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கொஞ்சம் வடிவம், மிச்சம் நிழல்.

நிரல் வழி என்பது பைதானில் டிலிப், ஓபன்சிவி என்ற நிரல்தொகுப்புகள் இரண்டையும் வைத்துச் செய்வது. டிலிப் முகத்தில் 68 புள்ளிகள் வைக்கும். முதல் 17 தாடை ஓரமாகக் காதிலிருந்து காது வரை, அடுத்த 10 புருவங்கள், பிறகு மூக்கு, கண், வாய். இந்தப் புள்ளிகளை முக்கோணங்களாகப் பிரித்து, ஒருவர் முகத்தை மற்றவர் புள்ளிகளுக்குப் பொருந்த வளைப்பது வழக்கம். வழக்கப்படி செய்தால் நாயகனின் முகம் நாயகியின் தாடைக்குள் அப்படியே அடங்கிவிடும், அவனுடைய சதுரத் தாடையின் சுவடே இருக்காது. அதனால் நான் பகுதிக்கு ஒரு அளவு வைத்தேன். அவன் புள்ளிகளைக் கண்ணளவில் அவள் முகத்தோடு பொருத்தித் திருப்பிய பிறகு:

```python
a = np.ones((68, 1))
a[0:17]  = 0.35   # தாடை
a[17:27] = 0.6    # புருவம்
p = hers + a * (his - hers)
```

0 என்றால் முழுக்க அவள், 1 என்றால் முழுக்க அவன். கண், மூக்கு, வாய் 1-இல் நிற்பதால் ஆளை அடையாளம் தெரிகிறது. தாடையை 0.35 என்று வைத்தபோது அவன் தாடை என்பது தெரிந்தது, அவள் கழுத்தின்மேல் அது உறுத்தவும் இல்லை. 0.5 வைத்தபோது கழுத்துக்குத் தாடை பெரிதாகிவிட்டது. இங்கே ஒரு பிழை எளிதில் நுழையும்: புதிய புள்ளிகளுக்கு அவன் முகத்தை மட்டும் வளைத்துவிட்டு அவள் படத்தை அப்படியே விட்டால், பழைய தாடையின் ஓரம் புதிய தாடையோடு பொருந்தாமல் இரட்டைக் கோடாக நிற்கும். படத்தின் நான்கு மூலைகளையும் புள்ளிகளாகச் சேர்த்து அவள் படத்தையும் `p`-க்கு வளைத்தால் அது மறையும்.

நிரலின் பெருமை இந்த எண்கள்தான். நேற்று செய்ததை இன்றும் அச்சுப் பிசகாமல் செய்யலாம், இயக்குநர் "இன்னும் கொஞ்சம் ஆண்பிள்ளையாக" என்றால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். சிறுமையும் அந்த 68-இலேயே இருக்கிறது. கன்னத்தின் நடுவில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. புருவத்துக்கு மேலேயும் எதுவும் இல்லை. தாடைப் புள்ளியிலிருந்து மூக்கு வரை நீளும் பெரிய முக்கோணங்களுக்குள் கன்னம் வந்ததுபோல வரும். மீடியாபைப் தரும் 468 புள்ளி வலையில் கன்னமும் நெற்றியும் உண்டு, பொறுமை இருந்தால் அதற்கு மாறலாம். ஆனால் அதுவும் வடிவத்தைத்தான் நகர்த்தும், நிழலைத் தொடாது. என் முதல் படத்தில் புருவம் ஒழுங்காக மேலே ஏறியிருந்தது, அதன் கீழே அவன் கண்குழியின் நிழல் அப்படியே கிடந்தது. தூக்கம் கெட்ட பெண் போல இருந்தாள்.

ஒட்டிய முகத்தின் நிறத்தைக் கலக்க ஓபன்சிவியில் `seamlessClone` இருக்கிறது. அது ஓரத்தில் இருக்கும் நிறத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே பரப்பும். ஓரம் சுத்தமாக இருந்தால் அற்புதம். நாயகியின் இடது கன்னத்தில் ஒரு முடிக்கற்றை விழுந்திருந்தது. அந்தக் கறுப்பு அவன் கன்னத்துக்குள் புகைபோலக் கசிந்தது. மறுபுறம், மழித்த பிறகும் அவன் தாடையில் தங்கும் நீலக் கருமை ஓரத்தில் பட்டதால், அதை ஈடுகட்டப்போய் வாயைச் சுற்றி வெளிறிவிட்டது. ஒட்டும் பகுதியின் ஓரத்தை 15 பிக்சல் உள்ளே இழுத்ததில் முதல் கோளாறு தீர்ந்தது. இரண்டாவதற்கு, கலப்பதற்கு முன்பே தாடைப் பகுதியில் நீலத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

இனி கைவேலை, அதாவது போட்டோஷாப். 2016-இல் வந்த Face-Aware Liquify-யைத்தான் எல்லோரும் முதலில் திறப்பார்கள். அதில் Face Shape என்ற பகுதியில் Forehead, Chin Height, Jawline, Face Width என நான்கு நகர்த்திகள். நமக்கு வேண்டிய மூன்றில் தாடைக்கு மட்டும்தான் இடம், புருவமேட்டுக்கும் கன்னத்துக்கும் நகர்த்தியே இல்லை. கன்னத்தை Bloat கருவியால் ஊதலாம், நானும் ஊதிப் பார்த்தேன். சதையோடு தோலின் துளைகளும் பெரிதாகின்றன. கன்னத்துத் தோலின் துளை மூக்குத் தோலின் துளையைவிடப் பெரிதாகத் தெரிந்தால் யாரோ ஊதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கைவேலை வெல்லும் இடம் நிழல்தான். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஓர் அடுக்கை Soft Light-இல் வைத்து, பெரிய மென்தூரிகையில் 5 சதவீத அளவுக்கு வெள்ளையை எடுத்துப் புருவத்துக்குக் கீழே மெல்ல ஏற்றினேன். மேட்டின்மேல் இருந்த பளபளப்பைக் கறுப்பால் அதே அளவு தணித்தேன். இருபது தடவல்களில் மேடு அமுங்கியது, ஒரு பிக்சல்கூட நகரவில்லை. கன்னத்துக்கும் இதே வைத்தியம்: கன்ன எலும்புக்குக் கீழே குழிந்த நிழலை ஏற்றினால் கதுப்பு வந்துவிடுகிறது. என் அனுபவத்தில் கன்னத்தில் செய்ய வேண்டியதில் முக்கால் பங்கு இவ்வளவுதான்.

அவள் முகத்தை அவன் தலையில் வைப்பது இதன் தலைகீழ் என்று நினைத்தேன், இல்லை. இருக்கும் மேட்டை அழிப்பது எளிது, இல்லாத மேட்டைக் கட்டுவது கடினம். நிழலை அளவு மீறிப் போட்டால் கண்ணைச் சுற்றிக் கருவளையம் போலாகிறது. கண்குழியின் உள்மூலையில் மட்டும் அடர்த்தி கொடுத்து, புருவத்தைச் சற்று இறக்கி, அவனுடைய படத்திலிருந்தே புருவமுடியை எடுத்துத் தடிப்பாக்கியதும் சரியானது. ஒப்பனை வேண்டாம் என்றது இங்கேதான் உதவியது. பெண் முகங்களில் கண்ணுக்கும் உதட்டுக்கும் தோலோடு உள்ள வெளிச்ச வேறுபாடு ஆண்களைவிட அதிகம் என்று ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற உளவியலாளர் 2009-இல் காட்டினார். மையும் உதட்டுச்சாயமும் அந்த வேறுபாட்டையே இன்னும் கூட்டுகின்றன. மை தீட்டிய கண்ணை ஆண் தலையில் வைத்திருந்தால் எந்தப் புருவமேடும் அதைக் காப்பாற்றியிருக்காது. ஒப்பனை இல்லாமலும் உதட்டின் நிறத்தைக் கொஞ்சம் தோலின் பக்கம் இறக்கினேன்.

நேரக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். நிரலை முதல் தடவை எழுத ஒரு மாலை முழுக்கப் போனது, அதன் பிறகு படத்துக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. முழுவதையும் போட்டோஷாப்பில் கையால் செய்தபோது ஒரு முகத்துக்கு மூன்று மணி நேரம், அதில் பாதிக்கு மேல் தாடையின் இரு பக்கமும் ஒன்றுபோல வராததால். கடைசியில் அச்சுக்குப் போனது தாடையை நிரலில் வளைத்து, புருவமேட்டையும் கன்னத்தையும் கையால் தடவிய படம். இரண்டும் சேர்ந்து முகத்துக்கு ஒரு மணி நேரம். ஒரே ஒரு முகம் என்றால் நிரல் பக்கமே போகாதீர்கள். பத்து நடிகர்களுக்குச் செய்ய வேண்டும் என்றால் கையால் தொடங்காதீர்கள். தலை பக்கவாட்டில் திரும்பிய படம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி படமெடுங்கள். அங்கே புருவமேட்டுக்கும் கோடு வந்துவிடும், நான் சொன்ன நிழல் வைத்தியம் பலிக்காது.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அச்சகத்துக்காரர் சோதனைப் பிரதியைச் சுவரில் ஒட்டி, நான்கு அடி பின்னால் போய்ப் பார்த்தார். "இந்த அம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்றார். நாயகன் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.